ஸ்கிரீன்ஷாட்டில் எண், கட்டம், கிராப்: எது எதற்கு?

ஒரு மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரும் ஸ்லைடுகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். முழுத் திரையையும் பிடித்த ஒரு படம், அதன் மேல் நாலைந்து சிவப்பு அம்புகள், ஒரு கோணல் வட்டம், பட்டனை மறைத்தபடி ஒரு எண். இதைத்தான் பலரும் 'ஸ்கிரீன்ஷாட்டில் குறிப்பு போடுவது' என்கிறார்கள். படத்தின் மேல் எதையாவது சேர்ப்பதுதான் அந்த வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் வேலையின் பெரும்பகுதி நீக்குவது. எதை நீக்குவது என்று சரியாக முடிவுசெய்துவிட்டால், சேர்க்க வேண்டியது மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

இங்கே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். குரோம் உலாவியில் ஒரு இணையப் பக்கத்தின் 2 முதல் 4 வரையான பக்கங்களை மட்டும் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது எப்படி என்று காட்டும் இரண்டு ஸ்லைடுகள். சின்ன வேலைதான். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டில் வரக்கூடிய சிக்கல்களில் பாதி இதிலேயே வந்துவிடும்.

## வழி சொல்லும் காகிதம்

ஒருவருக்கு வழி சொல்லக் காகிதத்தில் கிறுக்கிக் காட்டும்போது ஊர் வரைபடம் முழுவதையும் நாம் வரைவதில்லை. இரண்டு தெரு, ஒரு திருப்பம், அடையாளத்துக்கு ஒரு கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ, கடைசியில் வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். தேவையில்லாத ஐம்பது தெருக்களை விட்டுவிட்டதால்தான் அந்தக் காகிதம் பயன்படுகிறது.

ஸ்கிரீன்ஷாட்டிலும் இதே மூன்று வேலைகள் இருக்கின்றன. தேவையற்ற தெருக்களை விடுவது கிராப், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டி வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது. வீட்டின் மேல் போட்ட பெருக்கல் குறி கட்டம், அதாவது சொடுக்க வேண்டிய இடத்தைச் சுற்றி வரையும் வெற்றுச் சதுரக் கோடு. 'முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம்' என்ற வரிசைதான் எண்வட்டம், அதாவது வட்டத்துக்குள் எழுதிய படி எண்.

கட்டம் 'எங்கே' என்பதைச் சொல்கிறது. எண் 'எப்போது' என்பதைச் சொல்கிறது. கிராப் மற்றதையெல்லாம் பேசவிடாமல் செய்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் படம் குழம்புகிறது. திரையில் இருக்கும் பகுதிகளுக்குப் பெயர் சொல்ல 1, 2, 3 என்று எண் கொடுப்பது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. பார்ப்பவர் அதைச் செய்முறை வரிசையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போவார். பகுதிகளுக்குப் பெயர் சொல்ல வேண்டும் என்றால் அ, ஆ, இ என்று எழுத்து வையுங்கள். எண்ணைச் செயலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

## கிராப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு

கிராப் செய்வது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அது எழுத்து அளவு பற்றிய விஷயம். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

பவர்பாயிண்டின் வழக்கமான அகலத்திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டது. எழுத்தை அளக்கும் அலகான பாயிண்டில் சொன்னால் (ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட்) அகலம் 960, உயரம் 540. திரையை அளக்கும் அலகு பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் மிகச்சிறிய புள்ளி.

1920 பிக்சல் அகலமுள்ள முழுத் திரையைப் பிடித்து, பக்கத்தில் விளக்கம் எழுத இடம் விட்டு, ஸ்லைடில் 560 பாயிண்ட் அகலத்தில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது 0.29 பாயிண்ட். திரையில் 13 பிக்சல் அளவில் இருந்த எழுத்து இப்போது 4 பாயிண்டுக்கும் கீழே போய்விட்டது. ஸ்லைடில் நாமே எழுதும் எழுத்தை யாரும் 4 பாயிண்டில் வைக்க மாட்டோம். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கு அதைத்தான் செய்துவிடுகிறோம், அதுவும் கவனிக்காமலே.

அதே படத்தில் 600 பிக்சல் அகலப் பகுதியை மட்டும் வெட்டி அதே 560 பாயிண்டில் வைத்தால் ஒரு பிக்சலுக்கு 0.93 பாயிண்ட். அதே எழுத்து இப்போது 12 பாயிண்ட். படத்தின் மேல் எதுவும் சேர்க்கவில்லை, அம்பு போடவில்லை. வெட்டியதாலேயே எழுத்து மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்டது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 'என் திரை உயர்தெளிவுத் திரை, அதனால் பிரச்சினை இல்லை' என்பார்கள். அத்தகைய திரையில் அளவு 200 சதவீதத்தில் இருந்தால், பிடித்த படம் 3840 பிக்சல் அகலமாக வரும். எழுத்தும் 26 பிக்சலாக இருக்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்ந்ததால் ஸ்லைடில் எழுத்தின் அளவு முன்பு போலவே 4 பாயிண்ட்தான். விளிம்பு கூர்மையாக இருக்கும், அளவு கூடாது. அளவைக் கூட்ட இரண்டே வழிதான்: கொஞ்சமாகப் பிடிப்பது, அல்லது பிடிக்கும் முன்பே திரையில் பொருளைப் பெரிதாக்குவது.

இதுவரை: ஸ்லைடில் படம் வைக்கும் அகலத்தை, கிராப் செய்த படத்தின் பிக்சல் அகலத்தால் வகுத்து, எழுத்தின் பிக்சல் அளவால் பெருக்குங்கள். விடை 12 பாயிண்டைத் தொடவில்லை என்றால் இன்னும் வெட்ட வேண்டும்.

## பிடிப்பதற்கு முன்பே பாதி வேலை

இப்போது நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். குரோமில் `Ctrl+P` அழுத்தினால் அச்சு ஜன்னல் வரும். இடப்பக்கம் பக்கத்தின் முன்னோட்டம், வலப்பக்கம் அமைப்புகள். மேலே `Destination`, அதற்குக் கீழே `Pages` போன்றவை. அடியில், வெகு கீழே, செயல் பட்டன். பெரிய திரையில் நடுவில் நிறைய வெற்றிடம் விழுந்திருக்கும். `Destination` ஒரு கோடியில், பட்டன் மறு கோடியில். இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும் என்றால் இடையிலிருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அங்கேதான் எழுத்து சிறுத்துப்போகிறது.

பலர் இந்த இடத்தில் படத்தைப் பிடித்துவிட்டு, பிறகு அதோடு மல்லுக்கட்டுவார்கள். அதைவிட எளிது, பிடிப்பதற்கு முன்பே உலாவி ஜன்னலின் உயரத்தைக் குறைத்துவிடுவது. ஜன்னல் குறுகினால் அச்சுப் பெட்டியும் குறுகும். நடு வெற்றிடம் சுருங்கி, பட்டன் மேலே ஏறி வரும். ஜன்னலைச் சின்னதாக்குவதால் படத்தில் பொருள்கள் பெரிதாகின்றன. கேட்க முரணாகத் தோன்றினாலும் மேலே போட்ட கணக்கு அதைத்தான் சொல்கிறது. அமைப்புகள் பகுதி முழுவதும், முன்னோட்டத்தில் கொஞ்சமும் சேர்த்து 600 அகலம், 450 உயரத்துக்குள் வந்துவிட்டால் போதும். ஸ்லைடில் அது 560-க்கு 420 பாயிண்ட். மேலே தலைப்புக்கு இடம் இருக்கும். பக்கத்தில் படிகளை எழுத 300 பாயிண்டுக்கு மேல் இருக்கும்.

இடத்தைக் குறைக்க முடியாத மென்பொருள்களும் உண்டு. அங்கே நடு வெற்றிடத்தை வெட்டியெடுத்து மேலும் கீழும் ஒட்டலாம். ஆனால் ஒட்டிய இடத்தில் கிழிந்த காகிதம் போன்ற அலைக்கோடு ஒன்று கட்டாயம் தெரிய வேண்டும். இல்லையென்றால், தன் திரையில் அப்படி ஓர் அமைப்பே இல்லையே என்று படிப்பவர் தேடுவார்.

அடுத்து, எந்த நொடியில் பிடிப்பது? நம் எடுத்துக்காட்டின் முக்கியமான பொறி இதுதான். அச்சு ஜன்னல் திறந்தபோது, ஏதோ ஒரு அச்சுப்பொறி தேர்வாகியிருந்தால், அடியில் உள்ள பட்டனில் `Print` என்று இருக்கும். `Destination`-இல் `Save as PDF` தேர்ந்தெடுத்த பிறகுதான் அது `Save` என்று மாறும். ஆக, திறந்தவுடன் ஒரு படம் பிடித்து அதிலேயே எல்லாப் படிகளையும் குறித்தால், கடைசிப் படியில் 'Save-ஐச் சொடுக்குக' என்று எழுதிவிட்டு `Print` என்ற பட்டனைக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு நிலைகள் ஒரே படத்தில் இருக்க முடியாது. அதனால்தான் இந்த வேலைக்கு இரண்டு ஸ்லைடுகள்.

இதிலிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கிறது: ஒரு ஸ்லைடின் கடைசிச் சொடுக்குக்குச் சற்று முந்தைய நிலையைப் பிடியுங்கள். முதல் ஸ்லைடுக்கு, `Destination` பட்டியல் திறந்து, `Save as PDF` என்ற வரி கண்ணுக்குத் தெரியும் நொடி. இரண்டாவது ஸ்லைடுக்கு, `Pages`-இல் `Custom` தேர்ந்தெடுத்து, கீழே வரும் பெட்டியில் `2-4` என்று தட்டச்சிட்டு, `Save` இன்னும் அழுத்தாத நொடி. அப்போது படிப்பவர் தன் திரையையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். வெறும் பெட்டியைக் காட்டி 'இங்கே எழுதுங்கள்' என்றால், இடையில் கோடு வருமா காற்புள்ளி வருமா என்ற சந்தேகம் அப்படியே நிற்கும்.

திறந்த பட்டியல்களைப் பிடிப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. குறுக்குவிசையை அழுத்தியதும் சில பட்டியல்கள் மூடிக்கொள்ளும். இதற்குத்தான் பிடிப்புக் கருவிகளில் தாமத வசதி இருக்கிறது. விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலில் 3, 5, 10 நொடி தாமதம் வைக்கலாம். மேக்கில் `Shift+Command+5` அழுத்தினால் `Options`-இல் 5, 10 நொடி இருக்கும். தாமதத்தைத் தொடங்கிவிட்டு, பட்டியலைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் போதும்.

கோப்பைப் பிஎன்ஜி ஆகவே சேமியுங்கள். ஜேபெக் புகைப்படத்துக்கானது; எழுத்தின் கூர்மையான விளிம்பைச் சுற்றி அழுக்கு போல ஒரு மங்கலை விட்டுவிடும். பிஎன்ஜி ஆகச் சேர்த்த பிறகும் மங்கினால், குற்றவாளி பவர்பாயிண்டாக இருக்கலாம்: சேமிக்கும்போது அது படங்களைத் தானே சுருக்கும். `File > Options > Advanced` பகுதியில் `Do not compress images in file` என்பதைப் படம் சேர்ப்பதற்கு முன்பே தேர்ந்துவிடுங்கள். சுருங்கிய படத்தைப் பழையபடி மீட்க முடியாது.

## எங்கே வெட்டுவது, எதை விட்டுவைப்பது

நெருக்கி வெட்டு என்று சொன்னால் சிலர் பட்டனை மட்டும் தனியே பிய்த்து எடுத்துவிடுகிறார்கள். பத்து பட்டன் இருக்கும் திரையில் அந்த ஒரு பட்டன் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி சொல்லும் காகிதத்தில் கோபுரம் இருந்ததே, அதுபோல ஓர் அடையாளம் படத்தில் மிஞ்ச வேண்டும். நம் படத்தில் அமைப்புகளுக்கு மேலே இருக்கும் `Print` என்ற தலைப்பும், இடப்பக்கம் எட்டிப் பார்க்கும் முன்னோட்டத் துண்டும்தான் அந்த அடையாளம். முன்னோட்டம் முழுவதும் தேவையில்லை. 200 பிக்சல் இருந்தாலே 'ஓ, வலப்பக்கப் பகுதி' என்று புரிந்துவிடும்.

வெட்டுக்கோடு எப்போதும் வெற்றிடத்தில் போக வேண்டும். ஒரு வரியின் நடுவிலோ, பட்டனின் பாதியிலோ போனால் அந்தப் பாதிச் சொல்லைப் படிக்கத்தான் கண் முதலில் ஓடும். மனிதக் கண் முழுமை பெறாததை விடாது.

வெள்ளைத் திரையை வெள்ளை ஸ்லைடில் வைக்கும்போது இன்னொரு சிக்கல்: படம் எங்கே முடிகிறது, நம் எழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. படத்தைச் சுற்றி 0.75 பாயிண்ட் சாம்பல் கோடு போட்டால் தீர்ந்தது. நிழல், வளைந்த மூலை எல்லாம் வேண்டாம். அவை மென்பொருளின் பகுதியா நம் அலங்காரமா என்ற குழப்பம் வரும்.

இரண்டு ஸ்லைடுகளிலும் ஒரே ஜன்னல் அளவு, ஒரே வெட்டு, ஸ்லைடில் ஒரே இடம். அப்போதுதான் அடுத்த ஸ்லைடுக்குப் போகும்போது படம் துள்ளாது. மாறிய பகுதி மட்டும் கண்ணில் படும். படம் 5 பாயிண்ட் நகர்ந்தாலும், ஏதோ மாறிவிட்டது என்று கண் முழுப்படத்தையும் மறுபடி தேடத் தொடங்கும்.

## வெட்டியது உண்மையில் போய்விட்டதா?

ஸ்லைடில் கிராப் செய்வது ஜன்னலுக்குத் திரை போடுவது மாதிரி. வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கேயேதான் இருக்கிறது. பவர்பாயிண்டில் கிராப் செய்த படத்தைத் தேர்ந்து மீண்டும் `Crop` சொடுக்கினால் வெட்டிய பகுதி முழுவதும் மங்கலாக மறுபடி தோன்றும். உங்கள் ஸ்லைடைப் பெற்ற யாரும் இதைச் செய்யலாம். வெட்டிய பகுதியில் மின்னஞ்சல் முகவரியோ திறந்திருந்த வேறு பக்கத்தின் தலைப்போ இருந்தால் அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். படத்தைத் தேர்ந்து `Compress Pictures`-இல் `Delete cropped areas of pictures` என்பதைக் கொடுத்தால்தான் அது உண்மையில் நீங்கும்.

வெளியில் வெட்டினாலும் முழு நிம்மதி என்று சொல்ல முடியாத ஒரு காலம் இருந்தது. 2023 மார்ச்சில் ஏக்ராபலிப்ஸ் என்ற பெயரில் ஒரு குறை வெளிவந்தது. கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவியும், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதும்போது பழைய கோப்பின் வால்பகுதியை நீக்காமல் விட்டிருந்தன. அந்த மிச்சத்திலிருந்து வெட்டிய பகுதியின் ஒரு பாகத்தை மீட்க முடிந்தது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன்பு வெட்டி அனுப்பிய கோப்புகள் அப்படியேதான் இருக்கும்.

படத்துக்குள்ளேயே மறைக்க வேண்டியது இருந்தால் மங்கலாக்குவதையும் சதுரம் சதுரமாகச் சிதைப்பதையும் நம்பாதீர்கள். திரையின் எழுத்துரு தெரிந்திருக்கும்போது, எந்த எழுத்தைச் சிதைத்தால் இந்தச் சதுரங்கள் வரும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கலாம். ஒளி ஊடுருவாத ஒரே நிறக் கட்டத்தால் மூடி, அதைப் படக்கோப்பாகவே மறுபடி சேமித்து, அந்தக் கோப்பைச் ஸ்லைடில் சேருங்கள். ஸ்லைடிலேயே கறுப்புக் கட்டத்தை மேலே வைத்தால் இழுத்து நகர்த்திப் பார்த்துவிடலாம். இதையெல்லாம்விட நல்லது, போலித் தரவு மட்டும் உள்ள ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து படம் பிடிப்பது. அப்போது மறைப்பதற்கே ஒன்றும் இருக்காது.

சுருக்கமாக, ஸ்லைடுக்குள் செய்யும் கிராப் பார்வைக்கு மட்டும். ரகசியத்துக்கு அது போதாது.

## கட்டம்

கட்டத்துக்கு உள்நிறம் வேண்டாம். கோடு மட்டும், 2.25 முதல் 3 பாயிண்ட் தடிமன். அதைவிட மெல்லியது புரொஜெக்டரில் காணாமல் போகும். கோட்டுக்கும் உள்ளே இருக்கும் எழுத்துக்கும் இடையில் 4, 5 பாயிண்ட் இடைவெளி விடுங்கள். ஒட்டி வரைந்தால் மென்பொருளே போட்ட விளிம்பு போலத் தெரியும்.

எதைச் சுற்றி வரைவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். `Pages` என்ற சொல் இடப்பக்கம் இருக்கிறது. சொடுக்க வேண்டிய தேர்வுப்பெட்டி வலப்பக்கம். கட்டம் தேர்வுப்பெட்டியைச் சுற்றித்தான் வர வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கை போக வேண்டும். `Pages` என்ற சொல் கட்டத்துக்கு வெளியே, ஆனால் தெளிவாகத் தெரியும்படி இருந்தால் போதும். சொல்லைக் கட்டமிட்டால், சிலர் அந்தச் சொல்லையே சொடுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள்.

நிறம் ஒன்றே ஒன்று. திரையில் ஏற்கெனவே இருக்கும் நிறமாக அது இருக்கக் கூடாது. குரோமின் `Save` பட்டன் நீலமாக இருந்தால் நீலக் கட்டம் அதோடு கரைந்துவிடும். சிவப்புக்கு வேறொரு சிக்கல்: பல மென்பொருள்களில் தவறு நேர்ந்த பெட்டியைத்தான் சிவப்புக் கோடு சுற்றி நிற்கும். அடர் ஆரஞ்சு அல்லது மெஜந்தா இந்த எடுத்துக்காட்டுக்கு ஒத்துவரும். சிவப்பு என்றால் செய்யாதே, பச்சை என்றால் செய் என்று நிறத்துக்கே பொருள் கொடுக்க வேண்டாம். இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் அவையில் இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவர்களும் இருப்பார்கள்.

மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் பட்டை வைப்பது, படிக்க வேண்டிய ஒரு வரிக்கு மட்டும். பிழைச்செய்தி, முடிவு எண் போன்றவை. சொடுக்க வேண்டியதற்குக் கட்டம், படிக்க வேண்டியதற்குப் பட்டை என்று ஸ்லைடு முழுக்கப் பிரித்து வைத்தால், இரண்டாவது ஸ்லைடிலேயே பார்ப்பவருக்குப் பழகிவிடும்.

## எண்வட்டம்

வட்டம் 24 பாயிண்ட் விட்டம், உள்ளே 14 பாயிண்ட் தடித்த எண், கட்டத்தின் அதே நிறம், எண் வெள்ளையில். இதைப் பவர்பாயிண்டில் வரைந்து, 10 என்று எழுதிப் பாருங்கள். 1 மேலேயும் 0 கீழேயும் உடைந்து விழும். பலர் உடனே எண்ணைச் சிறிதாக்குவார்கள். காரணம் எண்ணின் அளவு அல்ல. ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் இடமும் வலமும் 0.1 அங்குலம் ஓரம் விடுவது பவர்பாயிண்டின் இயல்பு. 24 பாயிண்ட் வட்டத்தில் இரண்டு ஓரமும் சேர்ந்து 14 பாயிண்டுக்கு மேல் தின்றுவிடுகின்றன. மிச்சம் 10 பாயிண்ட்கூட இல்லை. `Format Shape`-இல் நான்கு ஓரங்களையும் 0 ஆக்கி, `Wrap text in shape` என்பதை எடுத்துவிட்டால் இரண்டு இலக்கமும் நிமிர்ந்து உட்காரும்.

வட்டத்தைக் கட்டத்தின் ஒரு மூலையில், பாதி உள்ளே பாதி வெளியே வைப்பது வழக்கம். எந்த மூலை என்பது சுற்றியிருப்பதைப் பொறுத்தது. நம் இரண்டாவது ஸ்லைடில் தேர்வுப்பெட்டிகள் வலது ஓரத்தை ஒட்டியே இருக்கின்றன. அங்கே எண்களை வலப்பக்கம் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கினால் கண் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் விண்டோஸில் `Save`-க்கு வலப்பக்கம் `Cancel` நிற்கிறது. `Save`-க்கான எண் 5-ஐயும் வலப்பக்கமே வைத்தால் அது `Cancel` மேல் ஏறிவிடும். ஆகவே அதை மட்டும் இடப்பக்கம் தள்ள வேண்டும். வரிசை அழகைவிட, எண் தவறான பட்டனைத் தொடாமல் இருப்பது முக்கியம்.

எண்கள் ஸ்லைடுக்கு ஸ்லைடு மறுபடி 1-இல் தொடங்க வேண்டாம். ஒரே வேலை என்பதால் முதல் ஸ்லைடில் 1, 2. இரண்டாவதில் 3, 4, 5. பக்கத்தில் எழுதும் படிகள் இப்படி இருக்கும்:

1. `Destination` பெட்டியைச் சொடுக்குக.
2. `Save as PDF` தேர்ந்தெடுக்க.
3. `Pages`-இல் `Custom` தேர்ந்தெடுக்க.
4. கீழே தோன்றும் பெட்டியில் `2-4` என எழுதுக.
5. `Save` சொடுக்குக.

திரையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். திரையில் ஆங்கிலமாக இருந்தால் இங்கும் ஆங்கிலம். தமிழ் இடைமுகமாக இருந்தால் அங்கே இருக்கும் தமிழ்ச்சொல். நாமாக மொழிபெயர்த்து 'சேருமிடம்' என்று எழுதினால் படிப்பவர் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். படியின் எழுத்தைப் படத்துக்குள் திணிக்கவும் வேண்டாம். படத்தில் எண், பக்கத்தில் சொல்.

ஒரு படத்தில் நாலைந்து எண்ணுக்கு மேல் போனாலோ, 3-லிருந்து 4-க்குப் போகக் கண் மேலே திரும்பி ஏற வேண்டியிருந்தாலோ, அது இரண்டு ஸ்லைடாக வேண்டிய படம்.

ஆக, செயலுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு கட்டம், பக்கத்தில் அதே எண்ணோடு ஒரு வரி. செயல் இல்லாத இடத்தில் எண் வேண்டாம்.

## நகராமல் இருக்க

கட்டமும் எண்ணும் படத்தோடு ஒட்டியவை அல்ல. படத்தை மட்டும் பிடித்துச் சற்றுச் சிறிதாக்கினால் அவை பழைய இடத்திலேயே நின்று காற்றைச் சுட்டிக்காட்டும். எல்லாம் முடிந்ததும் படம், கட்டங்கள், வட்டங்கள் மூன்றையும் தேர்ந்து `Ctrl+G` அழுத்திக் குழுவாக்கிவிடுங்கள். எண்களைப் படக்கோப்புக்குள்ளேயே பதித்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு படி சேர்க்க வேண்டி வந்தால் எல்லா எண்ணையும் மறுபடி வரைய வேண்டும். மறைப்பதை மட்டும் படத்தில் பதியுங்கள். சுட்டுவதைத் தனியே வையுங்கள்.

சொடுக்கச் சொடுக்க எண் ஒவ்வொன்றாகத் தோன்றி மறையும்படி அனிமேஷன் வைப்பவர்கள், அதே ஸ்லைடைப் பிடிஎஃப் ஆக்கிப் பார்க்க வேண்டும். மறைய வேண்டியவை எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நிற்கும். தோன்ற மட்டும் செய்து, மறையாமல் விட்டால் இரண்டிலும் சரியாக இருக்கும்.

முடிவில் ஸ்லைடை 50 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். படத்துக்குள் இருக்கும் பட்டன் பெயர் படிக்க வரவில்லை என்றால் அறையின் கடைசி வரிசைக்கும் அது வராது. பிறகு, இந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். அவருடைய சுட்டி எந்த எண்ணுக்குப் பிறகு நின்று திரையைத் துழாவுகிறதோ, அங்கே ஒரு நிலை விடுபட்டிருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அந்த இடம் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் வரும்: `Custom` தேர்ந்த பிறகுதான் எழுதும் பெட்டி தோன்றும் என்பது படத்தில் தெரியாது. 'கீழே தோன்றும் பெட்டியில்' என்று நான்காம் படியில் எழுதியிருப்பது அதற்காகத்தான்.